இன்டர்வியூவே முடிவாகவில்லை, அதற்குள் செல்ஃப் இன்ட்ரோ வீடியோ கேட்கிறார்கள்: அடிக்கடி வரும் கேள்விகள்

சென்னையில் கிண்டிப் பக்கம் ஒரு கன்சல்டன்சியில் பதினோரு வருடம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை, ஆனாலும் சொந்தக்காரர் பிள்ளைகள், பழைய கேண்டிடேட்கள், அவர்களின் நண்பர்கள் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது இந்த வீடியோ விஷயத்தைக் கேட்கிறார்கள். நானே நூற்றுக்கணக்கான பேரிடம் இந்த வீடியோவைக் கேட்டு வாங்கியிருக்கிறேன், அது எங்கெங்கே போனது என்றும் தெரியும். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நேத்து ஒரு எச்ஆர் வாட்ஸ்அப்ல “ஒரு நிமிஷம் செல்ஃப் இன்ட்ரோ வீடியோ அனுப்புங்க, ஷார்ட்லிஸ்ட் பண்றோம்”னு போட்டாங்க. இன்னும் போன்ல கூட பேசல. இது நார்மலா?

சில வேலைகளுக்கு இது இப்போது சாதாரணம். வாய்ஸ் பிராசஸ், போனில் விற்கும் வேலை, ஆன்லைன் டீச்சிங், ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ் போன்றவற்றில் நீங்கள் பேசுவதே வேலை என்பதால், பேசிக் காட்டுங்கள் என்று முதலிலேயே கேட்பதில் நியாயம் இருக்கிறது. அக்கவுண்ட்ஸ், டெஸ்டிங், டேட்டா என்ட்ரி மாதிரி வேலைக்குக் கேட்டால் அது பெரும்பாலும் ஆள் எடுப்பவரின் வசதிக்காக. நாற்பது பேருக்கு போன் போட்டு, அதில் பாதிப்பேர் எடுக்காமல் போவதைவிட நாற்பது வீடியோ வாங்கிப் பார்ப்பது அவருக்குச் சுலபம்.

ஆகவே வீடியோ கேட்டார்கள் என்பதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. யார் கேட்கிறார், எந்த வேலைக்குக் கேட்கிறார், அந்த வீடியோ யார் கைக்குப் போகும் என்ற மூன்றும் தெரிந்தால் அனுப்பலாம். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் கொஞ்சம் பொறுங்கள்.

அப்படி வீடியோல என்னதான் பாக்குறாங்க? அதான் ரெஸ்யூம் அனுப்பியாச்சே?

முதலில் பேச்சு. இலக்கணம் சரியா என்பதைவிட, எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி தொடர்ந்து பேசுகிறாரா என்றுதான் பார்ப்போம். உண்மையைச் சொன்னால், முதல் இருபது நொடியிலேயே நான் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன், மீதியை ஓட்டிப் பார்ப்பேன்.

இரண்டாவது காரணம் ஐடி பக்கம் அதிகம், அதுதான் ப்ராக்ஸி. இன்டர்வியூவில் ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்லி, வேலையில் சேர இன்னொருவர் வந்து நிற்பது நடக்கிறது. முகமும் குரலும் முன்பே பதிவில் இருந்தால் பின்னால் ஒப்பிடலாம் என்று சில கிளையன்ட்கள் கேட்பார்கள். மூன்றாவது, கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமோடு வீடியோவையும் சேர்த்து கிளையன்டுக்கு அனுப்பினால் அந்தப் ப்ரொஃபைல் கண்ணில் படும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். இப்போதைக்கு வேலையே இருக்காது. நாளைக்கு ஒரு கிளையன்ட் கேட்டால் உடனே காட்ட ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சேர்த்து வைப்பார்கள், அதற்குப் பைப்லைன் என்று பெயர். அது மோசடி கிடையாது, ஆனால் நீங்கள் ஒரு நாள் லீவு போட்டு எடுத்து அனுப்பிய வீடியோ யாரோ ஒருவரின் லேப்டாப்பில் மாதக்கணக்கில் கிடக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரு ஃபோல்டர் இருந்தது, வேலையை விட்டுப் போனவர்கள் கூட அதைத் திறக்க முடிந்தது. எனக்கு இன்றைக்கும் உறுத்தும் விஷயம் அது.

அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட என்ன கேக்கணும்? கேட்டா கோவிச்சுக்கிட்டு விட்டுட மாட்டாங்களா?

ஒழுங்காக வேலை பார்க்கிற யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். வேலை விவரம், அதாவது ஜேடி, அவர்கள் மெயிலில் ஏற்கெனவே இருக்கும், ஃபார்வர்டு செய்ய இரண்டு நிமிடம் போதும். இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள், அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் இதையே எளிய ஆங்கிலத்தில்:

“வணக்கம் மேடம், வீடியோ எடுத்து அனுப்புகிறேன். அதற்கு முன் எந்தப் பதவி, எந்த ஊர், ஷிஃப்ட், சம்பள வரம்பு என்ற விவரத்தை உங்கள் ஆபீஸ் மெயிலில் இருந்து அனுப்ப முடியுமா? வீடியோவை யார் பார்ப்பார்கள், பார்த்த பிறகு அடுத்த கட்டம் என்ன என்பதையும் சொன்னால் அதற்கேற்ப பேசுவேன். என் ப்ரொஃபைலை எந்தக் கம்பெனிக்கு அனுப்புவதாக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கன்சல்டன்சிகள் கிளையன்ட் பெயரை ஆரம்பத்தில் சொல்லாமல் இருப்பது வழக்கம்தான், நீங்கள் நேராக அப்ளை செய்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன் போய்விடும். ஆனால் பெயர் தெரியாமலே இரண்டு கன்சல்டன்சிகளுக்கு நீங்கள் சரி சொல்லி, இருவரும் ஒரே கம்பெனிக்கு உங்கள் ப்ரொஃபைலை அனுப்பினால், டூப்ளிகேட் என்று சொல்லி அந்தக் கம்பெனி உங்களைத் தள்ளி வைத்துவிடும். நல்ல பையன்கள் சிலர் இதனாலேயே வாய்ப்பை இழந்து, காரணம் என்னவென்று கடைசி வரை தெரியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கிளையன்டுக்கு அனுப்பும் முன்பாவது பெயரைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆள் நிஜமாவே அந்தக் கம்பெனிதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். கம்பெனியின் வெப்சைட் முகவரியும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெயருக்கு நடுவில் ஒரு கோடு, பின்னால் careers, hr என்று ஒட்டு எதாவது இருந்தால் சந்தேகப்படுங்கள். கம்பெனி வெப்சைட்டில் இருக்கும் பொது எண்ணுக்குக் கூப்பிட்டு, “இன்னார் உங்கள் எச்ஆர் டீமில் இருக்கிறாரா?” என்று கேட்கலாம். அந்த நபர் கொடுத்த எண்ணிலேயே கேட்டால் எந்தப் பயனும் இல்லை.

சின்னக் கன்சல்டன்சியாக இருந்தால் வெப்சைட்டே இருக்காது, ஜிமெயிலில்தான் எழுதுவார்கள், அவர்களில் நேர்மையானவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் ஜிஎஸ்டி எண் கேளுங்கள். அதில் எண்ணும் எழுத்துமாக மொத்தம் 15 இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். gst.gov.in தளத்தில் “Search Taxpayer” என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவான பெயரும் ஊரும் வரும். எண் சரியாக இருப்பதால் மட்டும் ஆள் சரி என்று ஆகிவிடாது, யாரும் அடுத்தவர் எண்ணைக் காட்டலாம். அதனால் அங்கே வரும் பெயரும், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் கன்சல்டன்சியின் பெயரும், அவர்கள் சொல்லும் ஆபீஸ் இருக்கும் ஊரும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வீடியோ வேணாம், போன்லயே பேசறேன்னு சொல்லலாமா? வாய்ப்பு போயிடுமா?

சொல்லலாம், ஆனால் சொல்லும் விதம் முக்கியம். “வீடியோ அனுப்ப விருப்பமில்லை” என்று மட்டும் எழுதினால், அன்றைக்கு நாற்பது ப்ரொஃபைல் வைத்திருப்பவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதற்குப் பதிலாக, “இன்று மாலை ஐந்தரைக்கோ நாளை காலை பத்துக்கோ பத்து நிமிட வீடியோ கால் வருகிறேன், என் பேச்சை நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்” என்று நேரம் போட்டு எழுதுங்கள். அவருக்கு வேண்டியது உங்கள் பேச்சு கேட்பது, அது அவருக்கு வேலை வைக்காமல் கிடைக்கிறது. என்னிடம் அப்படிக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு நான் சரி சொல்லியிருக்கிறேன்.

ஐம்பது நூறு பேரை ஒரே வாரத்தில் எடுக்கும் வாய்ஸ் பிராசஸ் ஆட்சேர்ப்பில் இது எடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வீடியோ இல்லையென்றால் வரிசையில் இல்லை. அந்த வேலை உங்களுக்கு வேண்டும், கம்பெனியும் உண்மை என்று தெரிந்துவிட்டது என்றால் அனுப்பிவிடுவதுதான் சரி.

சரி, அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டேன். என்ன பேசணும்? காலேஜ்ல “மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர், மை ஹாபி இஸ்”னு சொல்லிக் கொடுத்தாங்க, அதையே சொல்லவா?

வேண்டாம். ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங்கில் எல்லாருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், நான் பார்த்த வீடியோக்களில் பாதி அப்படியேதான் இருந்தன. அப்பா அம்மா விவரமும் பொழுதுபோக்கும் எந்த முடிவுக்கும் உதவாது, முதல் இருபது நொடி அதிலேயே போய்விடும். அதைவிட, பிறந்த தேதி, அம்மா பெயர், முழு விலாசம், போன் எண் இவையெல்லாம் வங்கிக் கணக்குக்கும் மெயிலுக்கும் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கப்படுபவை, முகத்தோடும் குரலோடும் சேர்த்து அதைப் பதிவு செய்து கொடுக்காதீர்கள். இப்போதைய சம்பளத்தையும் வீடியோவில் சொல்ல வேண்டாம்.

ஒன்றேகால் நிமிடம் போதும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 130 வார்த்தை வரும், ஆக 160 வார்த்தைக்குள் எழுதிக்கொள்ளுங்கள். பெயரும் எந்த வேலைக்காகப் பேசுகிறேன் என்பதும் பத்து நொடி. அதன் பிறகு நீங்கள் செய்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு நாற்பது நொடி, மீதி நேரம் இந்த வேலைக்கு அது எப்படிப் பயன்படும், எப்போது சேர முடியும் என்பதற்கு.

ஈரோட்டில் இருந்து ஒரு தங்கை போன வருடம் இப்படித்தான் கேட்டாள். பி.எஸ்சி. கணிதம், கோயம்புத்தூரில் ஒரு ஆன்லைன் துணிக்கடைக்கு மெயில் பதில் போடும் வேலையில் இரண்டு வருடம். அவளுடைய முதல் வீடியோ மூன்று நிமிடம் ஓடியது, “ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர்” என்று நிறைய இருந்தது, என்ன வேலை பார்த்தாள் என்பதே இல்லை. உட்கார்ந்து பேசிப் பேசி அவளிடமிருந்து எடுத்தது இது. ஒரு நாளைக்கு அறுபது மெயில் வரும், அதில் பாதி “திருப்பி அனுப்பின துணிக்குப் பணம் எப்போ வரும்” என்ற ஒரே கேள்வி. பணம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து நான்கு பதில்களை அவளே எழுதி வைத்தாள், டீமில் எல்லாரும் அதையே பயன்படுத்தினார்கள், இரண்டு நாள் தள்ளிப் போன பதில்கள் அன்றன்றைக்கே போக ஆரம்பித்தன. இதைத்தான் அவள் இரண்டாவது வீடியோவில் சொன்னாள்:

“வணக்கம், நான் இன்னார். இன்று மார்ச் 12, உங்கள் கோவை ஆபீஸின் கஸ்டமர் சப்போர்ட் வேலைக்காகப் பேசுகிறேன். இரண்டு வருடமாக ஒரு ஆன்லைன் துணிக்கடைக்கு வாடிக்கையாளர் மெயில்களைப் பார்க்கிறேன்…” என்று தொடங்கி, அந்த நான்கு பதில் கதையைச் சொல்லி, “உங்கள் கம்பெனியிலும் ரீஃபண்ட் கேள்விகள் அதிகம் வரும் என்று வேலை விவரத்தில் பார்த்தேன், அது எனக்குப் பழக்கமான வேலை. முப்பது நாள் நோட்டீஸ், ஏப்ரல் பாதியில் சேரலாம்” என்று முடித்தாள்.

தேதியையும் வேலையின் பெயரையும் அவள் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. “இந்தக் கம்பெனியின் இந்த வேலைக்காக” என்று நீங்களே சொல்லிவிட்ட வீடியோவைப் பைப்லைன் ஃபோல்டரில் போட்டு வேறு இடத்துக்கு அனுப்ப முடியாது. ஆரம்பத்தை வெட்டிவிடலாமே என்று கேட்பீர்கள், அதனால்தான் கடைசியிலும் கம்பெனியைக் குறிப்பிட வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும் என்பது இதில் உள்ள சிரமம், ஆனால் ஒன்றேகால் நிமிடப் பேச்சைத் திரும்ப எடுக்க அரைமணி நேரம் ஆகாது.

இங்கிலீஷ் தடுமாறுது. எழுதி வச்சுப் படிச்சா கண்டுபிடிச்சிடுவாங்களா?

கண்டுபிடித்துவிடுவார்கள். கண் இடமிருந்து வலமாக நகர்வது திரையில் நன்றாகத் தெரியும், குரலும் ஒரே தட்டில் போகும். முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், நான்கைந்து தடவை சத்தமாகப் படியுங்கள், அப்புறம் அந்தத் தாளை வைத்துவிட்டு நான்கு வார்த்தைகளை மட்டும் பெரிதாக எழுதி கேமராவுக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தங்கை ஒட்டிக்கொண்டது: வேலை, அறுபது மெயில், நான்கு பதில், ஏப்ரல்.

நடுவில் ஒரு வார்த்தை வராமல் நின்று, திருத்திச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தால் அது குறை கிடையாது. வாடிக்கையாளரோடு பேசும்போதும் அப்படித்தானே நடக்கும். நாலு டேக்குக்கு மேல் எடுக்காதீர்கள், ஐந்தாவதில் இருந்து முகம் களைத்துவிடும். வேலைக்குத் தமிழ்தான் தேவை என்றால், உதாரணமாகத் தமிழ் வாய்ஸ் பிராசஸ், எந்த மொழியில் பேச என்று கேட்டுக்கொண்டு தமிழிலேயே பேசுங்கள்.

நல்ல கேமரா, லைட்டு ஒண்ணும் இல்ல. ஹாஸ்டல் ரூம்ல எப்படி எடுக்கறது?

கையில் இருக்கும் போன் போதும். பகலில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுப்பாகிவிடும். போனைப் புத்தகங்களின் மேல் படுக்கை வாட்டில் வைத்து, லென்ஸ் கண் மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள், மார்பு வரை தெரிந்தால் போதும்.

நான் தள்ளி வைத்த வீடியோக்களில் படம் மோசம் என்று தள்ளியதைவிடப் பேச்சு கேட்கவில்லை என்று தள்ளியதுதான் அதிகம். சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள், அந்த ஒன்றேகால் நிமிடம் வியர்த்தாலும் பரவாயில்லை. ஒயர் இயர்போன் இருந்தால் அதன் மைக்கில் பேசலாம், ஆனால் அது காலரிலோ துப்பட்டாவிலோ உரசினால் கரகரவென்று கேட்கும். முதலில் பத்து நொடி மட்டும் எடுத்து, இயர்போனில் போட்டுக் கேட்டுவிட்டு முழுதாக எடுங்கள்.

எடுத்தாச்சு. வாட்ஸ்அப்லயே அனுப்பிடலாமா?

லிங்க்காக அனுப்புவது நல்லது, பிறகு நீங்களே அதை மூடிவிட முடியும். கூகுள் டிரைவில் ஏற்றி, ஷேர் செய்யும் இடத்தில் “Anyone with the link”, “Viewer” என்று வையுங்கள். அதே ஷேர் ஜன்னலில் இருக்கும் சக்கர அடையாளத்தைத் தொட்டு, டவுன்லோட் செய்யும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்படியும் ஸ்க்ரீன் ரெக்கார்டு செய்ய முடியும், அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் யோசிக்காமல் ஃபார்வர்டு ஆகிக்கொண்டே போவது நிற்கும், வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிட்டால் அந்த லிங்க்கும் செத்துவிடும். அனுப்பும் முன் அந்த லிங்க்கை உங்கள் கணக்கு இல்லாத வேறு போனில் திறந்து பாருங்கள். “அனுமதி இல்லை” என்று வரும் லிங்க்கை அனுப்பி வாய்ப்பை விட்டவர்கள் பலர்.

சில ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் டிரைவ் திறக்காது. வாட்ஸ்அப்பில்தான் வேண்டும் என்றால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிப் படத்தைக் கெடுத்துவிடும். எடுப்பதற்கு முன் போன் கேமரா செட்டிங்ஸில் “Location tags” அல்லது “Save location” என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் இருக்கும் இடம் ஃபைலுக்குள்ளேயே பதிவாகிவிடும்.

என் பொண்ணுகிட்ட கேக்கறாங்க மேடம். பெண் பிள்ளை வீடியோ யார் கைக்குப் போகுமோன்னு பயமா இருக்கு, வேண்டாம்னு சொல்லிடவா?

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது சார், ஆனால் வேண்டாம் என்று சொல்வதை அவளே முடிவு செய்யட்டும். மேலே சொன்னபடி ஆபீஸ் மெயிலில் வேலை விவரம் வந்து, லிங்க்காக மட்டும் அனுப்பி, மார்பு வரை மட்டும் தெரியும்படி எடுத்தால் ஆபத்து நிறையக் குறைந்துவிடும். வீட்டு வாசல், கதவு எண், சுவரில் மாட்டிய குடும்பப் படம் எதுவும் பின்னால் தெரியாமல் வெறும் சுவர் முன்னால் உட்காரச் சொல்லுங்கள்.

இதைத் தாண்டி ஒரு கோடு உண்டு. ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு “முழு உருவம் தெரிய நின்று எடுங்கள்”, “திரும்பிக் காட்டுங்கள்”, “இந்த டிரஸ் போடுங்கள்”, இரவில் “இன்னொரு வீடியோ” என்று வந்தால் பதிலே போட வேண்டாம். அந்தச் செய்திகளை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணை பிளாக் செய்யுங்கள். எந்த வேலையும் அப்படிக் கேட்டு ஆள் எடுப்பதில்லை, அவள் இழப்பது எதுவும் இல்லை.

எனக்குத் திக்கும். கேமரா முன்னாடி இன்னும் அதிகமாகுது. வேலை டெவலப்பர் வேலைதான். என்ன செய்ய?

கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்: “எனக்குப் பேச்சில் திக்கல் உண்டு, பதிவு செய்த வீடியோவில் என் வேலைத்திறன் சரியாகத் தெரியாது, அதற்குப் பதில் நான் எழுதிய ப்ரோகிராமையும் ஒரு பக்கக் குறிப்பையும் அனுப்புகிறேன், நேரடிப் பேச்சுக்கும் தயார்.” டெவலப்பர் வேலைக்கு இது முழுக்க நியாயமான மாற்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் மாற்று வழி கேட்கலாம்.

வீடியோவே அனுப்ப முடிவு செய்தால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். அப்படி ஆரம்பித்த ஒரு பையனின் வீடியோவை நான் கடைசி வரை பார்த்தேன், அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று கேட்க வைத்தது.

அனுப்பி பத்து நாள் ஆச்சு, பதிலே இல்ல. திரும்பக் கேக்கலாமா, வீடியோவ அழிக்கச் சொல்லலாமா?

மூன்று வேலை நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கே வேலை இல்லை, அல்லது ஆள் எடுத்துவிட்டார்கள். டிரைவ் அனுமதியை எடுத்துவிட்டு, “இந்த வேலைக்கு என்னை எடுக்கவில்லை என்று புரிந்துகொள்கிறேன், என் வீடியோவையும் அதன் நகல்களையும் அழித்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள்” என்று மெயில் போடுங்கள்.

கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தகவலை அழிக்கச் சொல்லவும் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, ஒப்புதல் தொடர்பான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், எழுத்தில் கேட்டு வைத்திருப்பது எப்போதும் நல்லது. பெரிய கம்பெனிகள் இப்போதே இதற்குப் பதில் சொல்கின்றன.

ஆதார் கார்டை முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சு, ஒரு பேப்பர்ல அவங்க குடுத்த நம்பரை எழுதிக் காட்டி வீடியோ எடுக்கச் சொல்றாங்க. வெரிஃபிகேஷனாம்.

அனுப்பாதீர்கள். ஆன்லைனில் டீமேட் கணக்கு திறந்தவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும். அங்கேதான் ஒரு எண்ணைக் கொடுத்து, அதைத் தாளில் எழுதி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்யச் சொல்வார்கள். அதே காட்சியை உங்களிடம் கேட்பவர் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறக்கப் பார்க்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தலையை இடமும் வலமும் திருப்புங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள், “நான் சம்மதிக்கிறேன்” என்று சொல்லுங்கள் என்பதும் இதே வகை. வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு உங்கள் அடையாள அட்டை தேவைப்படுவது ஆஃபர் கொடுக்கும் கட்டத்தில், அப்போதும் வீடியோவில் தேவையில்லை.

இன்னொரு அடையாளம், வீடியோ அனுப்பிய அன்றைக்கே யாரும் பேசாமல் “செலக்ட் ஆகிவிட்டீர்கள்” என்று வந்து, பின்னாலேயே ரெஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் டெபாசிட், ட்ரெயினிங் என்று ஏதாவது பெயரில் பணம் கேட்பது. இரண்டாயிரம்தானே என்று கட்டிவிடாதீர்கள், அடுத்த தொகை ஒன்று தயாராக இருக்கும்.

ஐயோ அக்கா, அந்த ஆதார் வீடியோவை போன வாரமே அனுப்பிட்டேனே. இப்ப என்ன பண்றது?

பணமும் போயிருந்தால் முதலில் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. பணம் போகாவிட்டாலும் cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்து அந்தப் புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் ஒரு கணக்கு தவறாகப் பயன்பட்டு போலீஸ் விசாரித்தால், நீங்கள் இந்தத் தேதியிலேயே சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

அப்புறம் myaadhaar.uidai.gov.in தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு, ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்ற பட்டியலையும் அங்கேயே பாருங்கள். sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தெரியும், உங்களுடையது இல்லாததை அங்கேயே சொல்லலாம். பெயரில் கடன் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க கிரெடிட் ரிப்போர்ட் எடுங்கள். இந்தியாவில் சிபில் உட்பட நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஒரு வருடம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும். முதல் ரிப்போர்ட்டை மட்டும் ஒரு மாதம் பொறுத்து எடுங்கள், இன்றைக்குத் திறந்த கணக்கு உடனே அதில் தெரியாது.